சிமுலேட்டட் அனீலிங் சரியாகத்தான் ஓடுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சிமுலேட்டட் அனீலிங் என்பது மோசமான மாற்றங்களையும் சில நேரம் ஏற்றுக்கொண்டு நல்ல விடை தேடும் தோராய முறை. அந்த நிரல் தோற்றுவிட்டதாக ஒருபோதும் சொல்லாது. எண்களை வரிசைப்படுத்தும் நிரலில் தப்பு இருந்தால் வரிசை கலைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அனீலிங்கில் பாதி வரிகள் தப்பாக இருந்தாலும் கடைசியில் ஒரு பாதை வரும். தொடங்கிய பாதையைவிட அது குட்டையாகவும் இருக்கும். "சரி, வேலை செய்கிறது" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

துல்லிய முறை ஒன்று ஓடி முடிந்தால் இரண்டு பொருள் கையில் கிடைக்கும்: ஒரு விடை, இதைவிடக் குறைவாக முடியாது என்ற சான்று. அனீலிங்குக்கோ ஜெனடிக் அல்காரிதத்துக்கோ மாறும்போது நாம் விட்டுக்கொடுப்பது முக்கியமாக அந்தச் சான்றைத்தான். விடை பல நேரம் நன்றாகவே இருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்தச் சான்று செய்யும் வேலையில் ஒரு பகுதியை நாமே வெளியிலிருந்து எப்படிச் செய்வது என்பதுதான் கீழே வரும் சோதனைகள்.

முதலில் ஒரு சோதனை மேடை

சொந்தச் சிக்கலில் நேரடியாகப் பிழை தேட வேண்டாம். விடை தெரிந்த சிக்கல் ஒன்றில் நிரலை ஓட்டிப் பாருங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது, TSP எனப்படும் மிகக் குட்டையான சுற்றைத் தேடும் சிக்கலின் மாதிரிகளைக் கொண்ட TSPLIB தொகுப்பில் உள்ள pcb442. சர்க்யூட் போர்டில் 442 துளைகள் போட வேண்டும்; துளையிடும் முனை எல்லாத் துளைகளுக்கும் ஒருமுறை போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும்; மொத்தத் தூரம் குறைவாக இருக்க வேண்டும். சாத்தியமான சுற்றுகளின் எண்ணிக்கையை எழுதினால் 977 இலக்கம் வரும். ஆனாலும் இதற்கு மிகக் குறைந்த நீளம் 50778 என்று நிறுவப்பட்டுவிட்டது.

இந்த 977 இலக்கத்தைக் காட்டி "துல்லிய முறையால் முடியவே முடியாது" என்று சொல்வது பாடப்புத்தகங்களின் பழக்கம். அது சரியில்லை. ஒரே வண்டி, ஒரே சுற்று என்ற வகையில் 85,900 புள்ளிகள் கொண்ட pla85900-க்கே 2006-இல் Concorde நிரலைக் கொண்டு மிகச் சிறந்த விடை நிறுவப்பட்டது. சிக்கலின் அமைப்பைப் பயன்படுத்தும் முறை இருந்தால் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. பல வண்டிகள், கொள்ளளவு, ஒவ்வொரு வீட்டுக்கும் நேர வரம்பு என்று விதிகள் சேரும்போதுதான் சில நூறு வாடிக்கையாளர்களிலேயே துல்லிய முறைகள் திணறத் தொடங்கும். அனீலிங்குக்கு உண்மையான வேலை அங்கேதான். ஆகவே உங்கள் சிக்கலுக்குத் துல்லிய முறை உண்மையிலேயே எட்டாதா என்பதை முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேடையில் ஓடும் நிரலின் மையப் பகுதி இவ்வளவுதான். `t` என்பது பாதை, `D` தூர அட்டவணை, `n` துளைகளின் எண்ணிக்கை. பாதையில் இரண்டு இணைப்புகளை வெட்டி, நடுவில் உள்ள துண்டைத் திருப்பி ஒட்டுகிறோம்; இதற்கு 2-opt நகர்வு என்று பெயர். நீளம் குறைந்தால் ஏற்கிறோம். கூடினால், கூடிய அளவையும், ஓட்டத்தில் படிப்படியாக இறக்கிக்கொண்டே போகும் வெப்பநிலை `T`-யையும் பொறுத்துச் சில நேரம் ஏற்கிறோம்.

```python
def delta(t, i, j):              # i < j
    a, b = t[i], t[i+1]
    c, d = t[j], t[(j+1) % n]
    return D[a][c] + D[b][d] - D[a][b] - D[c][d]

dl = delta(t, i, j)
if dl <= 0 or random.random() < math.exp(-dl / T):
    t[i+1:j+1] = reversed(t[i+1:j+1])
    cost += dl
    if cost < best_cost:
        best_cost, best = cost, t[:]
```

1983-இல் ஐ.பி.எம்-மைச் சேர்ந்த கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி மூவரும் இந்த முறையை வெளியிட்டார்கள். அந்த ஏற்கும் விதி 1953-இல் மெட்ரோபோலிஸ் குழு இயற்பியலுக்காக எழுதியது. அன்றிலிருந்து அந்த விதி மாறவில்லை. பிழைகள் எல்லாம் அதைச் சுற்றியுள்ள இடங்களில்தான் வருகின்றன.

அறிகுறி: நிரல் சொல்லும் நீளமும் பாதையைக் கூட்டிப் பார்த்த நீளமும் ஒத்துவரவில்லை

மற்ற எந்த அறிகுறியையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மேலே உள்ள நிரல் முழு நீளத்தை ஒருபோதும் கூட்டுவதில்லை. வித்தியாசத்தை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறது. வேகத்துக்கு அது தேவை. ஆனால் வித்தியாசக் கணக்கில் தப்பு இருந்தால் நிரல் வேறு ஏதோ ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருக்கும்.

```python
def length(t):
    return sum(D[t[k]][t[(k+1) % n]] for k in range(n))

assert sorted(best) == list(range(n))
assert abs(length(best) - best_cost) < 1e-6
```

இந்தச் சோதனையை `best`-க்கும், ஓடிக்கொண்டிருக்கும் `t`-க்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். எது தவறுகிறது என்பதிலேயே காரணம் தெரியும்.

`t` சரியாக இருந்து `best` மட்டும் தப்பாக இருந்தால், பெரும்பாலும் `t[:]` என்று நகல் எடுப்பதற்குப் பதில் `best = t` என்று எழுதியிருப்பீர்கள். இரண்டும் ஒரே பட்டியலைத்தான் சுட்டும். நீளம் பழைய நல்ல பாதையுடையது, பாதையோ இப்போது ஓடுவது. இது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. கடைசியில் வெப்பநிலை போதுமான அளவு இறங்கியிருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்கும். அதனால் மாதக்கணக்கில் கண்டுகொள்ளப்படாமலும் போகும்.

`t`-யே தப்பாக இருந்து, வித்தியாசம் நேரம் போகப்போக வளர்ந்துகொண்டே வந்தால், தூர அட்டவணையைப் பாருங்கள். `D[a][b]`-யும் `D[b][a]`-யும் சமமா? pcb442-இல் சமம். ஊருக்குள் வண்டி ஓட்டும் சிக்கலில் ஒருவழிப் பாதைகள் உண்டு. துண்டைத் திருப்பி ஒட்டும்போது அதன் உள்ளே இருக்கும் எல்லா இணைப்புகளும் எதிர்த்திசைக்குப் போய்விடும். மேலே உள்ள `delta` அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இதற்கு மருந்து, துண்டைத் திருப்பாமல் அப்படியே எடுத்து வேறிடத்தில் செருகும் நகர்வுக்கு மாறுவது. அதில் மூன்று இணைப்புகள் மட்டும் மாறும், திசை மாறாது.

வித்தியாசம் எப்போதாவது மட்டும் தலைகாட்டினால் பாதையின் கடைசிப் புள்ளியிலிருந்து முதல் புள்ளிக்கு வரும் இணைப்பைப் பாருங்கள். அதன் கணக்கு தப்பாக இருக்கும், அல்லது `i`, `j` இரண்டும் இடம் மாறியிருக்கும். `% n` மட்டும் விடுபட்டிருந்தால் பைத்தான் `IndexError` என்று நின்றே விடும். தசம எண்களில் தூரம் வைத்திருந்தால் மிக நுண்ணிய விலகல் இயல்பாகவே சேரும். ஒவ்வொரு வெப்பநிலைக் கட்டத்தின் முடிவிலும் `cost = length(t)` என்று ஒருமுறை சரிசெய்தால் போதும்.

அறிகுறி: 50778-ஐவிடக் குறைவாக வருகிறது

மகிழ வேண்டாம். TSPLIB விதிப்படி ஒவ்வொரு தூரத்தையும் அருகிலுள்ள முழு எண்ணாக்க வேண்டும். `int(x)` என்று வெட்டினால் குறைவாக வரும். `int(x + 0.5)` என்று இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் ஏதோ ஒரு துளை விடுபட்டிருக்கிறது. விடை தெரிந்த மேடையின் அருமை இங்கே புரியும். உங்கள் சொந்தச் சிக்கலில் இதே பிழை "புதிய சாதனை" என்று வேடமிட்டு வரும்.

அறிகுறி: வெகுநேரம் முன்னேற்றமே இல்லை, கடைசியில் சட்டென்று இறங்கி நின்றுவிடுகிறது

வரைபடத்தில் பார்த்தால் நீளம் மேலேயே ஆடிக்கொண்டிருக்கும். முடிவுக்குச் சற்று முன் செங்குத்தாக விழும். பிறகு தட்டையாகிவிடும். அனீலிங் நடக்கவே இல்லை என்பதற்கு இது அடையாளம். முதல் பகுதியில் சும்மா அலைந்தது. கடைசிப் பகுதியில் சாதாரண இறக்கம் மட்டும் நடந்தது. நடுவில் நடந்திருக்க வேண்டிய வேலைக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். 50778-ஐ 442-ஆல் வகுத்தால் நல்ல பாதையில் ஓர் இணைப்பின் சராசரி நீளம் ஏறத்தாழ 115. ஆகவே நல்ல பாதையை மேலும் நல்லதாக்க நாம் கடக்க வேண்டிய மேடுகளின் உயரம் நூறு என்ற அளவில் இருக்கும். நீளத்தை 100 கூட்டும் ஒரு நகர்வு, வெப்பநிலை 1000 இருக்கும்போது 90 சதவீத நேரம் ஏற்கப்படும். 100 இருக்கும்போது 37 சதவீதம். 20-க்கு இறங்கினால் 0.7 சதவீதம். 5-க்கு வந்தால் நூறு கோடியில் இரண்டு முறை. அதாவது இந்தச் சிக்கலில் முடிவுகள் உருவாகும் பகுதி 100-க்கும் 20-க்கும் இடையிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான். அதற்கு மேலே எல்லாம் கலைந்துகொண்டே இருக்கும், கீழே எல்லாம் உறைந்துவிடும்.

இப்போது வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: 1000-இல் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் 0.95-ஆல் பெருக்கி, 1-இல் நிறுத்துகிறோம். மொத்தம் 135 கட்டங்கள். அதில் 100-இலிருந்து 20-க்கு இறங்கும் பகுதிக்குக் கிடைப்பது 31 கட்டங்கள் மட்டுமே. எங்கிருந்தோ எடுத்த நிரலில் தொடக்க வெப்பநிலை பத்து லட்சம் என்று இருந்தால் மொத்தம் 270 கட்டங்கள் ஓடும். கூடுதலாக வந்த அத்தனையும் வீண். அதே நேரத்தை 200-இலிருந்து 5 வரையான பகுதிக்குள் 0.99 என்ற பெருக்கத்தோடு செலவிட்டால் பலன் வேறு மாதிரி இருக்கும்.

தொடக்க வெப்பநிலையை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலை, நீளத்தைக் கூட்டும் நகர்வுகளில் எத்தனை பங்கு ஏற்கப்பட்டது, அப்போதைய நீளம், அதுவரை கிடைத்த சிறந்த நீளம் ஆகிய நான்கையும் ஒரு வரியாக அச்சிடுங்கள். ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டு அந்த வரிகளைப் படியுங்கள். சிறந்த நீளம் வேகமாகக் குறையத் தொடங்கும் வெப்பநிலைக்குச் சற்று மேலே தொடங்குங்கள். ஏற்கும் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யமாகி, நீளமும் மாறாமல் நின்ற இடத்தில் முடியுங்கள். வேறு யாருடைய எண்களும் வேண்டாம். வெப்பநிலையின் அலகு நீளத்தின் அலகேதான். கிலோமீட்டரில் எழுதிய நிரலுக்கு மீட்டர் அட்டவணையைக் கொடுத்தால் வெப்பநிலை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டதற்குச் சமம். முதல் நொடியிலேயே எல்லாம் உறைந்துவிடும்.

இதே இடத்தில் இன்னொரு அறிகுறியும் வரலாம்: நிரல் `OverflowError: math range error` என்று நின்றுவிடும். `dl <= 0` என்ற சோதனை விடுபட்டிருக்கிறது, அல்லது `exp`-க்குள் கழித்தல் குறி போய்விட்டது. குறி போயிருந்தால் நிரல் மோசமான நகர்வுகளை எல்லாம் விரும்பி ஏற்கும். வெப்பநிலை அதிகமாக இருக்கும்வரை இந்தப் பிழைச் செய்தி வராது என்பதுதான் தொந்தரவு.

அறிகுறி: சீராக இறங்குகிறது, ஆனால் 53,000-த்தைத் தாண்டி இறங்க மறுக்கிறது

53,000 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. அனீலிங் எதுவும் இல்லாமல், நீளத்தைக் குறைக்கும் நகர்வுகளை மட்டும் ஏற்று, இனி குறையாது என்ற இடம்வரை போகும் எளிய 2-opt முறை, அருகிலுள்ள புள்ளிகளின் பட்டியலோடு நன்றாக எழுதப்பட்டிருந்தால், பொதுவாகச் சிறந்த விடையைவிட ஏறத்தாழ 5 சதவீதம் மேலே நிற்கும். pcb442-இல் அது 53,300 பக்கம். அது ஓடி முடிய ஒரு நொடிகூட ஆகாது. ஒரு மணி நேரம் ஓடிய அனீலிங் அதே இடத்தில் வந்து நின்றால் அந்த ஒரு மணி நேரம் எதையும் தரவில்லை. ஆகவே எளிய இறக்கத்தை எப்போதும் கூடவே எழுதி வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிடுங்கள். தற்செயலாக அடுக்கிய பாதையோடு ஒப்பிட்டு "80 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று சொல்லும் அறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் தகவலே இல்லை.

காரணம் பெரும்பாலும் நகர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் விதம். 442 துளைகளுக்கு மொத்தம் 97,019 விதமான 2-opt நகர்வுகள் உண்டு. `i`, `j` இரண்டையும் தற்செயலாக எடுத்தால் போர்டின் இந்த மூலையில் ஓர் இணைப்பு, அந்த மூலையில் ஓர் இணைப்பு என்று வரும். இரண்டு சிறு இணைப்புகளை வெட்டிவிட்டு போர்டின் குறுக்கே இரண்டு நீள இணைப்புகள் போடும் நகர்வுகள் அவை. நீளம் ஆயிரக்கணக்கில் கூடும். வெப்பநிலை 50 இருக்கும்போது அவை ஏற்கப்பட வாய்ப்பே கிடையாது. கட்டத்துக்கு ஆயிரம் முயற்சி என்று வைத்திருந்தால் அந்த ஆயிரமும் ஏறக்குறைய வீணாகப் போகும். வெப்பநிலை மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்க "ஏற்கும் பங்கு குறைந்துவிட்டது, உறைந்துவிட்டது" என்றே தோன்றும். உண்மையில் உறையவில்லை, நல்ல நகர்வுகள் கண்ணிலேயே படவில்லை.

ஒவ்வொரு துளைக்கும் மிக அருகிலுள்ள 10 துளைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். `a`-வைத் தற்செயலாக எடுங்கள், `c`-யை `a`-வின் பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள். இப்போது 4,420 ஜோடிகள்தான், அவற்றில் பெரும்பாலானவை பொருளுள்ளவை. கட்டத்துக்கு எத்தனை முயற்சி என்பதையும் இந்த எண்ணை ஒட்டியே வையுங்கள்: பட்டியலில் உள்ள ஜோடிகளைப் போல் பத்து மடங்கு ஒரு நல்ல தொடக்கம். 442 துளைக்குச் சரியாக இருந்த எண்ணை 5,000 வாடிக்கையாளர் சிக்கலுக்கும் அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு ஓட்டும் நேரத்தை இரட்டித்துப் பாருங்கள், பின் மீண்டும் இரட்டியுங்கள். நீளம் குறைந்துகொண்டே வந்தால் முறை வேலை செய்கிறது, நேரம்தான் போதவில்லை. மாறவே இல்லை என்றால் நகர்வுகளின் வகையில் குறை இருக்கிறது. துண்டை எடுத்துச் செருகும் நகர்வையும் சேருங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு விடை

இது பிழையல்ல. ஆனால் ஒரே சீடு கொடுத்தும் வேறு விடை வந்தால் அது பிழை. வரிசை உறுதியில்லாத `set` ஒன்று உள்ளே இருக்கலாம், அல்லது நேரத்தைப் பார்த்து நிறுத்தும் விதி இருக்கலாம். முயற்சிகளின் எண்ணிக்கையை வைத்து நிறுத்தினால்தான் ஒரே ஓட்டத்தை மறுபடி பார்க்க முடியும்.

வெவ்வேறு சீடுகளில் எவ்வளவு சிதறுகிறது என்பது பயனுள்ள தகவல். இருபது சீடுகளில் ஓட்டி, நடுவில் நிற்கும் எண்ணையும் மோசமானதையும் பாருங்கள். சிதறல் 3 சதவீதம் என்றால், 1 சதவீத முன்னேற்றம் தந்ததாக நீங்கள் நினைக்கும் மாற்றம் வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். மறுபக்கம், எல்லாச் சீடும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்து நின்றால் அதுதான் சிறந்த விடை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. எல்லாமே ஒரே வகைப் பள்ளத்தில் ஒரே காரணத்துக்காக நின்றிருக்கலாம்.

அறிகுறி: ஜெனடிக் அல்காரிதத்தில் இருபது தலைமுறைக்குள் எல்லாரும் ஒரே முகம்

நூறு பாதைகள் கொண்ட கூட்டத்திலிருந்து இருவரைத் தற்செயலாக எடுத்து, நல்லவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி முறையில், மிகச் சிறந்த ஒருவரின் நகல்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறத்தாழ இரட்டிக்கும். பெற்றோர் இருவரைக் கலந்து குழந்தை உருவாக்கும் கிராஸ்ஓவரும், பாதையைத் தற்செயலாகச் சற்று மாற்றும் மியூட்டேஷனும் குறுக்கிடாவிட்டால் ஒன்பது பத்துத் தலைமுறைகளில் கூட்டம் முழுக்க அவரே நிறைந்துவிடுவார். போட்டிக்கு ஐந்து பேரை எடுத்தால் இன்னும் சீக்கிரம். உறுதிசெய்ய, தலைமுறைதோறும் சில ஜோடிகளை எடுத்து, இருவருக்கும் பொதுவான இணைப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். 442-இல் 440 பொது என்றால் தேடல் முடிந்துவிட்டது, நிரல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே பாதையின் நகலை உள்ளே விடாமல் தடுப்பதுதான் முதல் மருந்து. மியூட்டேஷன் விகிதத்தைக் கண்டபடி ஏற்றுவது கடைசி மருந்து.

இன்னொரு பிழை இன்னும் ஆழமானது. ஆறு துளைகளை வைத்துப் பார்ப்போம். அப்பா `1 2 3 4 5 6`, அம்மா `4 1 6 2 5 3`. நடுவில் வெட்டி முன்பாதியை அப்பாவிடமும் பின்பாதியை அம்மாவிடமும் எடுத்தால் குழந்தை `1 2 3 2 5 3`. இரண்டும் மூன்றும் இருமுறை, நாலும் ஆறும் காணோம். இதை எல்லோரும் சீக்கிரமே கண்டுபிடித்து, திருத்தும் வரிகளைச் சேர்த்துவிடுவார்கள். கண்ணில் படாதது அடுத்தது: `1 2 3 4 5 6` என்பதும் `4 5 6 1 2 3` என்பதும் ஒரே சுற்றுதான். ஆனால் இடத்தைப் பார்த்து வெட்டும் கிராஸ்ஓவருக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். பாதையின் நலம் எந்தத் துளைக்குப் பக்கத்தில் எந்தத் துளை என்பதில் இருக்கிறது, எத்தனையாவது இடம் என்பதில் இல்லை. அதனால் பெற்றோரின் இணைப்புகளை எடுத்துக் கோக்கும் கிராஸ்ஓவர்தான் இங்கே பொருந்தும். நாகாடாவின் EAX முறை இந்த வழியில் போய்த்தான் பெரிய TSP சிக்கல்களில் மிகச் சிறந்த விடைகளைத் தந்திருக்கிறது.

உங்கள் கிராஸ்ஓவர் உண்மையில் எதையாவது கடத்துகிறதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. டெர்ரி ஜோன்ஸ் 1995-இல் முன்வைத்தது. இரண்டாவது பெற்றோருக்குப் பதில், அந்த இடத்திலேயே தற்செயலாக உருவாக்கிய ஒரு பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். முடிவு அதே தரத்தில் வந்தால் உங்கள் கிராஸ்ஓவர் பெரிய அளவு மியூட்டேஷன், அவ்வளவுதான். அப்படியானால் நூறு பேர் கொண்ட கூட்டத்தைப் பராமரிக்கும் செலவுக்கு நியாயமே இல்லை, அனீலிங்குக்குத் திரும்பிவிடலாம். என் கணிப்பில் நேரடியாக எழுதப்படும் ஜெனடிக் நிரல்களில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் தேறாது.

அறிகுறி: விடை அருமையாக இருக்கிறது, விதியை மீறுகிறது

இது மேடையில் வராது, சொந்தச் சிக்கலில் வரும். வண்டி மதியம் 12 மணிக்குள் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். தாமதத்துக்கு நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் வீதம் அபராதம் வைத்திருக்கிறீர்கள். அரை மணி தாமதமானால் 15 கிலோமீட்டர் அபராதம். நேரத்துக்குப் போக 40 கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால் நிரல் அபராதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகப் போகும். அது தப்புச் செய்யவில்லை, நீங்கள் சொன்ன விலையைத்தான் கொடுத்திருக்கிறது.

உடனே அபராதத்தைப் பத்தாயிரம் ஆக்கத் தோன்றும். அப்போது வேறு நோய் வரும்: ஒரு நல்ல அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் சிறிது நேரம் விதியை மீற வேண்டியிருக்கும், அந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிடும். நடைமுறையில் நன்றாக வேலை செய்வது அபராதத்தை ஓட்டத்திலேயே சரிசெய்வது. கடந்த நூறு முயற்சிகளில் ஏற்கப்பட்ட எல்லா விடைகளும் மீறலோடு இருந்தால் சற்று ஏற்றுங்கள். ஒன்றில்கூட மீறல் இல்லையென்றால் சற்று இறக்குங்கள். அதோடு, `best` என்பதில் விதி மீறாத விடையை மட்டும் சேமியுங்கள். அந்த ஒப்பீட்டை அபராதம் சேர்க்காத தூரத்தில் செய்யுங்கள். இல்லாவிட்டால் அபராதம் மாறும்போதெல்லாம் பழைய சாதனையும் புதிய சாதனையும் வேறு வேறு அளவுகோலில் நிற்கும்.

அறிகுறி: "சிறந்ததற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை

அனீலிங் கட்டாயம் சிறந்த விடையைச் சேரும் என்று ஒரு தேற்றம் இருப்பதாகச் சொல்லி இந்தக் கேள்வியைக் கடந்துவிடுபவர்கள் உண்டு. தேற்றம் உண்மைதான், 1988-இல் ஹாஜெக் அதற்கான சரியான நிபந்தனையைக் கொடுத்தார். வெப்பநிலை, படிகளின் எண்ணிக்கையின் மடக்கைக்குத் தலைகீழாக இறங்க வேண்டும்: `T = c / ln(k + 1)`. இதில் `c` என்பது ஏறி வெளியே வர வேண்டிய மிக ஆழமான பள்ளத்தின் அளவு. அது 100 என்றே வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 5-க்கு இறங்க 48 கோடிக்கு மேல் படிகள் வேண்டும், அது முடியும். 2-க்கு இறங்க? `e`-யின் ஐம்பதாவது அடுக்கு. நொடிக்கு ஒரு கோடி படி ஓடினாலும் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல். நாம் 0.99-ஆல் பெருக்கி இறக்கும்போதே அந்த உத்தரவாதத்தைக் கைவிட்டாயிற்று.

கையில் எடுக்கக்கூடியது கீழ் எல்லை. விதிகளில் சிலவற்றைத் தளர்த்தி, சிக்கலை எளிதாக்கி, அந்த எளிய சிக்கலைத் துல்லியமாகத் தீர்த்தால், உண்மையான விடை அதைவிடக் குறையவே முடியாது. TSP-க்கு மிக எளிதானது எல்லாத் துளைகளையும் இணைக்கும் மிகக் குட்டையான மரம். பத்து வரியில் எழுதலாம். ஆனால் சமதளத்தில் சீராகச் சிதறிய புள்ளிகளுக்கு அது சிறந்த சுற்றைவிட ஏறத்தாழ 11 சதவீதம் கீழே நிற்கும். ஆகவே சிறந்த சுற்றே மரத்தைவிட 12, 13 சதவீதம் மேலே தெரியும். இதற்கு அடுத்த படி ஹெல்ட்–கார்ப் எல்லை. அது சாதாரணமாக ஒரு சதவீதத்துக்குள் வந்துவிடும். உலகத்தின் 19,04,711 ஊர்களைக் கொண்ட TSP-க்கு இதுவரை துல்லிய விடை நிறுவப்படவில்லை. ஆனாலும் கெல்ட் ஹெல்ஸ்கானின் LKH நிரல் தந்த சுற்று, கணக்கிட்ட கீழ் எல்லையிலிருந்து 0.05 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. சுற்றைக் கண்டது தோராய முறை, உறுதியைக் கொடுத்தது கீழ் எல்லை. இரண்டும் வேறு வேறு நிரல்கள்.

வண்டிச் சிக்கலில் எல்லை இவ்வளவு நெருக்கமாக வராது. 15 சதவீத இடைவெளி வந்தால் உங்கள் விடை மோசமா, எல்லை தளர்வா என்று தெரியாது. அப்போதும் அந்த எண்ணை அறிக்கையில் போடுங்கள். இன்னொரு வழி, முழுச் சிக்கலிலிருந்து 20 வாடிக்கையாளர்களை மட்டும் வெட்டியெடுத்துத் துல்லியமாகத் தீர்த்து, அதே துண்டில் உங்கள் நிரலையும் ஓட்டிப் பார்ப்பது. சிறு துண்டிலேயே பிந்தினால் பெரியதில் பிந்துவது உறுதி. சிறு துண்டில் தேறுவது அந்த அளவுக்கு எதையும் நிறுவாது.

அறிகுறி: விதி மீறாத விடை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை

விட்டுக்கொடுத்ததில் அதிகம் வலிப்பது இங்கேதான். விடையே கிடையாதா, அல்லது இருக்கிறது, நாம்தான் கண்டுபிடிக்கவில்லையா? தோராய முறையால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. எத்தனை மணி நேரம் ஓடினாலும் அதன் மௌனத்துக்கு ஒரே பொருள்தான்: இன்னும் கிடைக்கவில்லை.

எனவே ஓட்டத்தை நீட்டுவதற்கு முன் கணக்கை எடுத்துப் பாருங்கள். எல்லாச் சரக்கின் எடையையும் கூட்டினால் எல்லா வண்டிகளின் கொள்ளளவுக்குள் அடங்குகிறதா? கிடங்கிலிருந்து நேராகப் போனாலும் நேரத்துக்குச் சேர முடியாத வீடு ஏதாவது இருக்கிறதா? காலை 9-க்கும் 10-க்கும் இடையில் மட்டும் வாங்கும் வீடுகளை ஜோடி ஜோடியாக எடுங்கள்: எந்த வரிசையில் போனாலும் ஒரே வண்டி இரண்டுக்கும் நேரத்தில் போக முடியாத ஜோடிகளைக் குறியுங்கள். ஒன்றோடொன்று எல்லா வகையிலும் முட்டிக்கொள்ளும் ஏழு வீடுகள் தேறி, வண்டி ஆறுதான் இருந்தால், அங்கேயே நிரூபணம் முடிந்தது. அனீலிங்கை ஓட்ட வேண்டிய வேலையே இல்லை. இதில் எதுவும் அகப்படாவிட்டால் நேர விதியைத் தளர்த்தக்கூடிய விதியாக மாற்றி, மொத்தத் தாமதத்தை மட்டும் குறைக்கச் சொல்லி ஓட்டுங்கள். பல சீடுகளிலும் மீதமிருக்கும் தாமதம் அதே இரண்டு மூன்று வீடுகளில் வந்து விழுந்தால், அந்த வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் நேரம் குறித்தவரிடம் பேசுங்கள்.